விரிஞ்சிபுரத்தில் கடை ஞாயிறு

கார்த்திகை கடைசி ஞாயிறுக்கு முந்தின ராத்திரி. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வேலூரிலிருந்து பஸ் ஏறி, தங்கையோடு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இன்னும் குழந்தை இல்லை.

வீட்டிலேயே சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் கிளம்பினோம். உடம்பு அழுக்கை வீட்டோடு விட்டுவிட வேண்டும், தீர்த்தத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தது.

விரிஞ்சன் என்றால் பிரம்மா. சிவனுடைய முடியைக் கண்டதாகப் பொய் சொன்ன பாவத்துக்காக, அவரே இந்த ஊரில் ஒரு அர்ச்சகருக்கு மகனாக, சிவசர்மன் என்கிற பேரில் பிறந்தாராம். தகப்பனை இழந்த பிள்ளைக்குக் கார்த்திகை கடைசி ஞாயிறு பூஜைமுறை வந்தது. சிவனே கிழவராக வந்து பிரம்ம தீர்த்தத்தில் அவனை முழுகச் சொல்லி, பூணூல் போட்டு, உபதேசமும் செய்தார். சின்னப் பையனுக்கு லிங்கத்தின் உச்சி எட்டவில்லை. சுவாமி தலையைச் சாய்த்துக் கொடுத்தார். மூலவர் இன்றைக்கும் சாய்ந்துதான் இருக்கிறார். பிரம்மாவுக்குப் பொய் கழிந்த இடம் என்பதால், நமக்கும் முன்வினை கழியும் என்று நம்புகிறோம். பிள்ளையில்லாக் குறையும், பேய் பிடித்த தொல்லையும் அந்த வினையின் பலன்தான் என்பது இங்கே வருகிறவர்களின் எண்ணம்.

நடுராத்திரியில் சிம்ம தீர்த்தம் திறந்தார்கள். கல் சிங்கத்தின் வாய்க்குள் நுழைந்து இறங்க வேண்டும். படி வழுக்கியது, தங்கையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். "கங்கே ச யமுனே சைவ கோதாவரி சரஸ்வதி, நர்மதே சிந்து காவேரி ஜலேஸ்மின் சந்நிதிம் குரு" என்று அப்பா சொல்லித்தந்ததை முணுமுணுத்தேன். ஏழு நதிகளையும் இந்தத் தண்ணீரிலேயே வந்து இருக்கச் சொல்லும் சுலோகம். பக்கத்தில் ஓடும் பாலாறு பல வருஷம் வெறும் மணல்தான். அதனால்தானோ என்னவோ, அந்த அழைப்பு எனக்கு அவ்வளவு அவசியமாகப் பட்டது.

மூன்று முழுக்கு. மேலே வந்து துண்டை நீட்டினேன். பக்கத்திலிருந்த பாட்டி தடுத்தார்.

"தொடைக்காதம்மா. அது ஒடம்புலயே காயணும்."

அப்புறம் ஈரப் புடவையோடு, மடியில் தேங்காய், பழம், வெற்றிலை, பூ வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பெண்களோடு தங்கையும் பிரகாரத்தில் படுத்தாள். சுவாமி கிழவராகக் கனவில் வந்து பூவோ பழமோ கொடுத்தால் பிள்ளை வரம் என்று நம்பிக்கை. கல்தரை ஐஸாக இருந்தது. அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. தூங்கிவிட்டாள்.

விடிகிற நேரம் எழுப்பினேன். எதுவும் கேட்கவில்லை. புடவை முக்கால்வாசி காய்ந்திருந்தது. முந்தானை நுனியில் மட்டும் ஈரம். அதைப் பிழியாமல், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.