ப் ஒலியும் நான்கு விரல் இடைவெளியும்

மூன்று நாளாக ஒரே வாக்கியத்தைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்: "பாட்டி பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள்." மைக்கில் கதை வாசித்துப் பதிவு செய்தபோது ப வந்த இடமெல்லாம் யாரோ மேசையைக் குத்தியதுபோல் 'டும்' என்று கேட்டது. அதனால் வேண்டுமென்றே ப நிறைந்த வாக்கியமாக எழுதிக்கொண்டேன்.

முதல் நாள், முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கும் வாய்க்கும் இடையே 8 செ.மீ. வாய்க்காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரை மைக்கோடு ஒட்டினாற்போல் வைத்திருந்தேன். 'டும்' குறைந்ததே தவிர போகவில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், மற்ற எழுத்துகள் நெருக்கமான பற்களாகத் தெரிய, ப மட்டும் அகலமான மேடாக எழும்பியிருந்தது. உதடு திறந்ததும் பீறிட்ட காற்று மைக்கின் படலத்தைத் தள்ளிய தடம் அது. ஐந்து ப-வில் மோசமானவை 'யைப் பி', 'துப் பா' இரண்டும். அங்கே உதடு கூடுதல் நேரம் மூடியிருப்பதால் பின்னால் அழுத்தம் சேர்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணைக் குறைத்த வல்லினம் மிகும் இடம் இங்கேயும் விடவில்லை! 'கோபம்', 'கம்பு' போன்ற சொற்களில் நடுவே மென்மையாக வரும் ப எந்தத் தொல்லையும் தரவில்லை.

இரண்டாம் நாள் ஃபில்டரை மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, நானும் அதே அளவு பின்னால் போனேன். மொத்தம் 15, 16 செ.மீ. ஃபில்டர் காற்றை அப்படியே நிறுத்திவிடுவதில்லை, சிதறடிக்கிறது. சிதறிய காற்று அடங்க அதற்குப் பின்னால் இடம் வேண்டும். சொல்லின் முதலில் வந்த மூன்று ப-வும் அடங்கிவிட்டன, இரட்டித்தவை மட்டும் லேசாக மிச்சம். ஆனால் குரலின் கனமும் குறைந்தது. இந்த வகை மைக் பக்கத்தில் வரவர அடித்தொனியைக் கூட்டிக் காட்டும். முதல் நாள் கேட்ட கம்பீரம் என்னுடையதல்ல என்று புரிந்தது. தூரம் இரட்டிப்பானதால் பதிவின் ஒலி அளவைக் கூட்டும் கெய்னை 6 டெசிபல் ஏற்ற வேண்டியிருந்தது. 25 செ.மீ.க்கும் போய்ப் பார்த்தேன். அறையின் எதிரொலி தலைகாட்டியதும் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் விடை கிடைத்தது. தூரத்தை மாற்றாமல் மைக்கையும் ஃபில்டரையும் வாயின் ஓரத்துக்கு நகர்த்தி, முகத்துக்கு ஏறக்குறைய 40 டிகிரி சாய்வில் வாயைப் பார்க்கும்படி வைத்தேன். குரல் எல்லாப் பக்கமும் பரவும், காற்று நேராகத்தான் போகும். மைக் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்து 'அப்பா' என்று சொன்னால், காற்று கையில் படாத இடம் தெரிந்துவிடும். ரொம்பவும் ஓரமாகப் போனால் 'ச', 'ஸ' மங்கிவிடுகின்றன.

பழைய பதிவுகளில் அந்த மேட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில், அடித்தொனியை வெட்டும் `High-Pass Filter` 120 ஹெர்ட்ஸில் போட்டேன். முழுப் பதிவுக்கும் போட்டபோது குரல் மெலிந்துவிட்டது.

அப்புறமும் கதையின் நாலாவது பக்கத்தில் ஒரு 'டும்'. தாள் மைக் பக்கம் இருந்ததால் வாசிக்கும்போது முகம் தானாக அங்கே திரும்பியிருக்கிறது. தாளை நேர் எதிரே மாற்றி வைத்திருக்கிறேன்.