ஆறு நிமிஷம் பின்னால் நின்ற முள்: ஹைப்ரிட் வாட்சை 12-க்குக் கொண்டுவந்த கதை

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் மாமாவின் வாட்ச் பார்வைக்குச் சாதாரண முள் வாட்ச்தான். உள்ளே புளூடூத் உண்டு. போன் வந்தால் மணிக்கட்டில் அதிரும், நடந்த அடிகளை ஒரு சின்ன வட்டத்தில் தனி முள் காட்டும். ஒரு திங்கட்கிழமை காலை போனில் சரியாக 10:00 ஆனபோது வாட்சில் சின்ன முள் 10-இன் மேல் ஒழுங்காக நின்றது, பெரிய முள் மட்டும் 54-இல் நின்றது. ஆப்பில் சிங்க் கொடுத்தால் "முடிந்தது" என்று வருகிறது, முள் அசையவே இல்லை. மூன்று முறை சிங்க் செய்து பார்த்துவிட்டு மாமா வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

சிங்க் செய்து பயனில்லாததற்குக் காரணம் உண்டு. இந்த வகை வாட்சில் முள்ளைத் தள்ளுவது ஸ்டெப் மோட்டார். ஒரு மின்துடிப்புக்கு ஒரு தாவல். எத்தனை தாவல் அனுப்பினோம் என்று சிப் எண்ணிக்கொண்டே இருக்கும், அந்த எண்ணிக்கைதான் அதற்கு முள்ளின் இடம். டயலைப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. பல்சக்கரத்தில் துளை வைத்து, ஒளி ஊடுருவுகிறதா என்று பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும் வாட்ச்களும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலான ஹைப்ரிட்களில் அந்த வசதி இல்லை. ஆக, சிப்பிடம் நேரம் சரியாகவே இருந்தது. "முள் இப்போது 12-இல் இருக்கிறது" என்ற அதன் நம்பிக்கைதான் பிசகியிருந்தது. சிங்க் திருத்துவது நேரத்தை, நம்பிக்கையை அல்ல.

முள்ளில் கை வைப்பதற்கு முன், கோளாறு முள்ளில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை அவசரமாகத் தாண்டக் கூடாது. வாட்ச் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால், அதாவது நமக்குக் காலை 10:00 ஆகும்போது அது 4:30 என்றால், முள் ஒழுங்காகவே இருக்கிறது. வாட்ச் உலகப் பொதுநேரத்தில் நிற்கிறது, போனிலிருந்து இந்திய நேரத்தை இன்னும் வாங்கவில்லை. சரியாக அரை மணி, ஒரு மணி என்று தவறினாலும் போனின் டைம் ஸோனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சில மாடல்களில் நோட்டிபிகேஷன் வந்ததும் திரையை மறைக்காமல் இருக்க இரண்டு முட்களும் ஒதுங்கி நிற்கும். பட்டனைத் தொட்டால் தேதியையோ அடிகளின் கணக்கையோ முள்ளாலேயே காட்டும் மாடல்களும் உண்டு. அரை நிமிஷம் பொறுத்தால் தானே திரும்பிவிடும்.

மாமாவின் வாட்ச் இதில் எதிலும் சேரவில்லை. 10:00, 1:00, 4:00 என்று மூன்று நேரத்தில் போனையும் வாட்சையும் சேர்த்துப் படம் எடுத்தோம். மூன்றிலும் அதே ஆறு நிமிஷம். பிழை கூடாமல் குறையாமல் நின்றால் முள் என்றைக்கோ ஒரு நேரம் தவறிவிட்டு, அதன் பிறகு ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள். ஆப்பிலேயே சரிசெய்யலாம். பிழை வளர்ந்துகொண்டே போனால் அது வேறு நோய், அதற்கு அப்புறம் வருகிறேன்.

படம் எடுக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. பெரிய முள் வழுக்கிக்கொண்டு போவதில்லை, 20 நொடிக்கு ஒரு முறை தாவுகிறது. நிமிஷத்துக்கு மூன்று தாவல், ஒரு சுற்றுக்கு 180 தாவல். ஆகவே ஒரு தாவல் 2 பாகை. ஆறு நிமிஷம் 36 பாகை, 18 தாவல். சின்ன முள்ளுக்கும் ஒரு தாவல் 2 பாகைதான், ஆனால் அதன் ஒரு சுற்று 12 மணி நேரம் என்பதால் அது நான்கு நிமிஷத்துக்கு ஒரு முறைதான் தாவும். இரண்டு முள்ளுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதால்தான் ஒன்று தவறி மற்றொன்று சரியாக இருக்க முடிந்தது. ஒரே மோட்டாரில் பல்சக்கரத்தால் இணைந்த வாட்சில் இரண்டும் சேர்ந்தே பின்தங்கும்.

முதலில் வாட்ச் பேட்டரியையும் போன் பேட்டரியையும் பார்த்துக்கொண்டோம். மாமாவுடையது சார்ஜ் ஏற்றும் வகை. CR2430 போன்ற காசு பேட்டரி போடுகிற மாடலில் பேட்டரி தளர்ந்திருந்தால் முள் சீரமைப்பைத் தொடங்கவே கூடாது, முதலில் புதியதைப் போட வேண்டும். துடிப்பு பலவீனமாக இருந்தால் திருத்தும்போதே தாவல் தவறும். வாட்சை மேஜையில் தட்டையாக வைத்து, போனைப் பக்கத்திலேயே வைத்து, நடுவில் அழைப்பு வராமல் பார்த்துக்கொண்டோம்.

ஆப்பில் வாட்சின் பக்கத்துக்குப் போனால் முட்களைச் சீரமைக்கும் பகுதி இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, காலிப்ரேட் என்றோ அலைன் என்றோ தேடினால் கிடைத்துவிடும். உள்ளே போனதும் எல்லா முட்களும் ஓடிப்போய், சிப் எதை 12 என்று நினைக்கிறதோ அங்கே நின்றன. சின்ன முள் 12-இல், பெரிய முள் 54-இல். நம் கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் சின்ன முள்ளைக் கேட்டது. திரையில் வரும் வளையத்தை விரலால் சுற்றினால் முள் வேகமாக ஓடும், அம்புக்குறியை ஒரு முறை தட்டினால் ஒரு தாவல். சின்ன முள் ஏற்கெனவே சரியாக இருந்ததால் அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மாமா சோபாவில் சாய்ந்தபடி பக்கவாட்டில் பார்த்து, "இது கொஞ்சம் பின்னாடி இருக்கே" என்று இரண்டு முறை தட்டிவிட்டார். முள் டயலுக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் சாய்ந்து பார்த்தால் இடம் மாறித் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடிக்கு நேர் மேலிருந்து பார்க்க வேண்டும்.

பெரிய முள்ளை 18 தட்டில் 12-க்குக் கொண்டுவந்தோம். இங்கே ஒரு நுணுக்கம். பல்சக்கரங்களுக்கு இடையில் மயிரிழை இடைவெளி உண்டு. முள்ளைத் தாண்டவிட்டுப் பின்னால் இழுத்து நிறுத்தினால் அந்த இடைவெளி எதிர்ப்பக்கம் தங்கிவிடும், பிறகு முள் முன்னோக்கி ஓடும்போது கோட்டில் உட்காராது. தாண்டிவிட்டால் நான்கைந்து தாவல் பின்னால் போய், முன்னோக்கியே வந்து நிறுத்துங்கள். கடைசி அசைவு எப்போதும் கடிகாரம் ஓடும் திசையில் இருக்க வேண்டும்.

கடைசியாக அடிகளைக் காட்டும் சின்ன வட்டத்து முள். அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று திரையிலேயே காட்டும், சில வாட்சில் பூஜ்ஜியத்தில், சில வாட்சில் 100-இல். பிறகு சேமிக்கும் பட்டனை அழுத்தி, முட்கள் நேரத்துக்குத் திரும்பி நிற்கும்வரை ஆப்பை மூடாமல் இருந்தோம்.

அன்று மாலை 6:00-க்குப் பார்த்தோம். இரண்டு முட்களும் ஒரே நேர்கோடாக நிற்க வேண்டிய நேரம் அது. பெரிய முள் 12-இல் அச்சாக நின்றது, சின்ன முள் 6-ஐ ஒரு நூல் தாண்டியிருந்தது. மாமா தட்டிய இரண்டு தாவல்தான், 4 பாகை. சின்ன முள்ளின் கணக்கில் அது 8 நிமிஷம். 12-இல் கண்ணுக்குப் படாத பிழை 6-இல் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் 6 மணிப் பரிசோதனையை விடக் கூடாது. மறுபடி உள்ளே போய்ச் சின்ன முள்ளை ஐந்து தாவல் பின்னால் கொண்டுபோய், மூன்று தாவல் முன்னால் வந்து நிறுத்தினோம். அடுத்த நாள் காலை 6:00-க்கு நேர்கோடு.

ஆனால் புதன்கிழமை மறுபடி பெரிய முள் பின்தங்கியிருந்தது. இந்த முறை 2 நிமிஷம். இரண்டு பிழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஆறு நிமிஷம் 18 தாவல், இரண்டு நிமிஷம் 6 தாவல், இரண்டும் இரட்டைப்படை. இந்த மோட்டாரின் சுழலி ஒரு சின்னக் காந்தம். ஒரு துடிப்பு ஒரு திசையில் வந்தால் அடுத்தது எதிர்த்திசையில் வரும், ஒவ்வொன்றுக்கும் அது அரைச்சுற்று திரும்பும். ஒரு துடிப்பில் திரும்பாமல் போனால் அடுத்த துடிப்பு அதை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், மூன்றாவதுதான் நகர்த்தும். அதனால் இழப்பு எப்போதும் இரண்டிரண்டாக, பெரிய முள்ளில் 40 நொடி 40 நொடியாக வரும். பிழை இப்படி 40 நொடியின் மடங்காக நின்றால் முள் தளரவில்லை, சுழலியை ஏதோ தடுத்திருக்கிறது. பெரும்பாலும் வெளிக் காந்தம்.

காந்தம் எங்கே என்று வீட்டில் தேடினால் மாமாவின் போன் உறையில் இருந்தது. ஆம்பூரில் வாங்கிய நல்ல தோல் உறை, மூடும் மடிப்பில் காந்தப் பட்டன் வைத்துத் தைத்தது. குளிக்கப் போகும்போது வாட்சைக் கழற்றிப் போன் மேல் வைக்கும் பழக்கம் அவருக்கு. அந்தச் சில நிமிஷங்களில் பெரிய முள்ளுக்கு 20 நொடிக்கு ஒரு துடிப்பு வீணாகிறது. சின்ன முள்ளுக்கு நான்கு நிமிஷத்துக்கு ஒன்றுதான் என்பதால் அது தப்பித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் பையும் பர்ஸும் புழங்கும் நம் பக்கத்தில் இந்தப் பட்டன் இல்லாத வீடு குறைவு. காந்தத்தை எடுத்துவிட்டால் வாட்சுக்கு நிரந்தரச் சேதம் ஒன்றும் இல்லை, முள்ளைச் சீரமைத்தால் போதும். வாட்ச் இப்போது போனிலிருந்து ஒரு ஜாண் தள்ளித் தனிக் கிண்ணத்தில் இருக்கிறது.

வளர்ந்துகொண்டே போகும் பிழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாங் பஜாரில் வாட்ச் பார்க்கும் பெரியவரிடம் இதைக் காட்டிக் கேட்டபோது, "முள்ளும் முள்ளும் உரசுதான்னு முதல்ல பாரு தம்பி" என்றார். பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டுவது 12 மணி நேரத்தில் 11 முறை, ஏறக்குறைய 65 நிமிஷத்துக்கு ஒரு முறை. 1:05, 2:11, 3:16 போன்ற அந்த நேரங்களில்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்தங்குகிறது என்றால் வளைந்த முள் ஒன்று மற்றொன்றைத் தொடுகிறது. வாட்சைக் கண் மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். இன்னொன்று, வாட்சை 12 மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து மெல்லத் தட்டினால் முள் தொய்ந்து விழுகிறதா என்பது. விழுந்தால் அச்சில் பிடிப்பு விட்டுப்போயிற்று. இரண்டுக்கும் ஆப்பில் மருந்து இல்லை. மூடியைத் திறந்து முள்ளை எடுத்து மறுபடி பொருத்த வேண்டும். பெரியவர் இன்னொன்றும் வற்புறுத்தினார்: திறந்த வாட்சில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள், பழையதையே வைத்து மூடினால் கை கழுவும் தண்ணீரே உள்ளே போய்விடும்.

முள்ளைப் பொருத்தி வாங்கி வந்த வாட்சையும் ஆப்பில் ஒருமுறை 12-க்குக் கொண்டுவர வேண்டும், அவர் எங்கே குத்தினார் என்பது சிப்புக்குத் தெரியாது. ஆப் நின்றுபோன பழைய ஃபாசில் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் ஆண்ட்ராய்டில் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவச ஆப்பைப் பார்க்கலாம், முள் சீரமைப்பு அதிலும் உண்டு.