கேஸின் முதல் பத்தி: ஒரு ரிவிஷன் அனுபவம்

மேனேஜ்மென்ட் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், மாணவர்கள் வகுப்பில் விவாதிக்க ஒரு நிறுவனத்தின் நிஜப் பிரச்சினையைக் கேஸாக எழுதி இதழுக்கு அனுப்புவது என்றால் என்னவென்று. எனவே அதை விளக்கப் போவதில்லை. திரும்பி வந்த ஒரு கேஸின் தொடக்கத்தை மாற்றி எழுதப் போய் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். இதே வேலை உங்கள் தலையில் விழுந்தால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

கேஸ் என்னுடையது இல்லை. எங்கள் துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போய்ப் பேட்டி எடுத்து எழுதியது. மதிப்பீட்டாளர் ஒருவர் ஒற்றை வரியில் முடித்துவிட்டார்: மூன்று பக்கம் படித்த பிறகும் யார், எதை, எப்போதுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. சார் என்னைக் கூப்பிட்டு, “ஓப்பனிங்க மட்டும் கொஞ்சம் டச் பண்ணிடுங்க, நீங்களும் கோ-ஆத்தர்” என்றார். கொஞ்சம்!

பழைய தொடக்கம் இப்படி இருந்தது. கேஸ் ஆங்கிலத்தில்தான்; இங்கே தமிழில் தருகிறேன். “நொய்யல் கரையில் அமைந்த திருப்பூர், இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியின் தலைநகரம். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் இந்நகரம் மீண்டெழுந்தது. தொலைநோக்குள்ள தலைமையின் கீழ் வளர்ந்த இந்நிறுவனம் இன்று பல சவால்களைச் சந்திக்கிறது.” இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கும் மாணவன் என்ன செய்வது? கேஸ் வகுப்பில் நாமே சொல்லிக் கொடுக்கிறோம்: முதலில் தொடக்கப் பத்தி, அடுத்து கடைசிப் பத்தி, அப்புறம் பின்னால் இருக்கும் அட்டவணைகளான எக்ஸிபிட்டுகளைப் புரட்டு, அதற்குப் பிறகு உள்ளே போ என்று. அப்படிப் படிப்பவன் இந்தப் பத்தியிலிருந்து எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. “பல சவால்கள்” என்று ஒரு கேஸில் பார்த்தால், எழுதியவருக்கே முடிவு எது என்று பிடிபடவில்லை என்று நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சாரிடமே கேட்டேன், “சார், இதுல டிசிஷன் என்ன?” “சப்ளை செயின் சஸ்டெய்னபிலிட்டி” என்றார். அது பாடத்தின் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் சப்ளை செயின் சஸ்டெய்னபிலிட்டியை முடிவு செய்ய முடியாது. ஆம், இல்லை, இவ்வளவு, அவ்வளவு என்று பதில் சொல்ல முடிகிற கேள்வியாக இருந்தால்தான் அது முடிவு. சார் ஒத்துக்கொள்ளவில்லை, ஹார்வர்டைத் துணைக்கு இழுத்தார். ஹார்வர்டின் முதல் கேஸ் 1921-ல் ஒரு ஷூ கம்பெனியைப் பற்றி வந்தது, அது ஒரே ஒரு பக்கம், அதில் நகர வரலாற்றுக்கு எங்கே இடம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கோ-ஆத்தர் பெயர் போய்விடும்.

பேட்டிக் குறிப்புகளைத் தோண்டினேன். ஆள் பற்றாக்குறை, நூல் விலை, புதிய நிலம், சாயக்கழிவுச் செலவு, ஒரு பெரிய ஆர்டர் என்று எல்லாம் கலந்து கிடந்தது. ஆர்டர் விஷயம் மட்டும்தான் தேதி போட்டு இருந்தது. எனக்கு அதுவே துப்பு. தேதி இருக்கிற இடத்தில்தான் முடிவு இருக்கும்.

உறுதி செய்ய நிறுவனத்துக்கே போனேன். முதல் முறை போனது வீண். ஷிப்மென்ட் நாள், கன்டெய்னர் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி உட்கார வைத்தார்கள், மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன், அப்புறம் “இன்னைக்கு ஆரும் பாக்க மாட்டாங்க, இன்னொரு நாளைக்கு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிறவர்கள் ஷிப்மென்ட் தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்த முறை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் மேலாளர் கிடைத்தார். பழைய கேஸில் அவர் பெயரே இல்லை, எல்லாம் எம்.டி. புராணம். டீ குடிக்கிற நேரத்தில் அவர் சொன்னது, அதற்கு முன்பு எடுத்த அத்தனை பேட்டியையும்விட உபயோகமாக இருந்தது. ஐரோப்பிய பையர் ஒருவர் 1,80,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். எட்டு வாரத்தில் கப்பல் ஏற வேண்டும். துணி பின்னி, சாயம் போட்டு, காம்பாக்டிங் முடிந்து கட்டிங்குக்கு வரவே இரண்டு வாரம் போய்விடும். மீதி ஆறு வாரம். சொந்தத் தையல் லைன்களில் வாரத்துக்கு 20,000 பீஸ். ஆக 1,20,000. துண்டு விழுவது 60,000. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று பையரிடமிருந்து மெயில். (பீஸ் எண்கள் எல்லாம் மாற்றியவை, ஏன் என்று பின்னால் வருகிறது.)

“அப்ப முடிவு எடுத்தது யாருங்க, நீங்களா எம்.டி.யா?” என்று கேட்டேன்.

“முடிவு எம்.டி.யோடதுங்க. ஆனா அவரு வெளியூர்ல. வியாழக்கிழமை ராத்திரி வந்ததும் ‘நீ என்னப்பா சொல்ற’ன்னுதான் கேப்பாரு. அப்ப என்கிட்ட ஒரு பதில் இருக்கோணும்.”

அந்த இடத்தில் கேஸ் கிடைத்துவிட்டது. கேள்வி எம்.டி. என்ன செய்வார் என்பது கிடையாது. இந்த மேலாளர் வியாழன் இரவு எதைப் பரிந்துரைப்பார் என்பதுதான். இது சின்ன வித்தியாசம் இல்லை. முடிவெடுக்கும் ஆளாக எம்.டி.யை வைத்தால் மாணவர்கள் உடனே “புது ஃபேக்டரி கட்டலாம்” என்று கிளம்பிவிடுவார்கள், அவரிடம் அந்த அதிகாரம் இருக்கிறது. மேலாளரை வைத்தால் அவர் கையில் இருக்கிற வழிகளுக்குள் நின்று யோசித்தாக வேண்டும். கதாநாயகனின் அதிகாரம்தான் கேள்வியின் அளவைத் தீர்மானிக்கிறது.

எழுதிய பத்தியை ஃபைனான்ஸ் துறைத் தோழி ஒருவரிடம் கொடுத்து, முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு, முடிவு என்ன என்று ஒரு வரியில் எழுதச் சொன்னேன். “கொள்ளளவை விரிவாக்குவதா வேண்டாமா” என்று எழுதினார். எங்கிருந்து வந்தது இது? “அண்மையில் வாங்கிய நிலத்துக்கு அருகே” என்று இடத்தை அடையாளம் சொல்ல நான்கு சொல் விட்டு வைத்திருந்தேன். அந்த நான்கு சொல்லே கேள்வியைத் திருப்பிவிட்டது. அதை நீக்கியதும் அடுத்தவர் சரியாக எழுதினார். இந்தச் சோதனையை விடாதீர்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள், பயனில்லை. எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

கடைசியில் நின்ற பத்தி இது. பெயர்களை மட்டும் இங்கே விட்டுவிட்டேன்:

“செவ்வாய்க்கிழமை காலை மெர்ச்சண்டைசிங் மேலாளர் ஐரோப்பிய பையரின் மின்னஞ்சலை மறுபடி படித்தார். 1,80,000 டி-ஷர்ட்டுகள் எட்டு வாரத்தில் தூத்துக்குடியில் கப்பலேற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் வேண்டும். சொந்தத் தையல் லைன்களால் அதற்குள் 1,20,000 மட்டுமே முடியும். மீதி 60,000-ஐ வெளியே ஜாப் ஒர்க் யூனிட்டில் தைக்க பையரின் முன் அனுமதி வேண்டும். ஆய்வு முடிந்து அனுமதி வர நான்கு வாரம் ஆகலாம். தாமதமாகத் தைத்து விமானத்தில் அனுப்பினால் செலவு நிறுவனத்துடையது. 1,20,000 மட்டும் ஏற்றால், மீதியைப் பையர் வேறு நிறுவனத்திடம் கொடுப்பார். வியாழன் இரவு ஊர் திரும்பும் நிர்வாக இயக்குநரிடம் அவர் எந்த வழியைப் பரிந்துரைக்க வேண்டும்?”

யார், எப்போது, என்ன, ஏன் கஷ்டம், எதுவரை நேரம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. விமானச் சரக்குக் கட்டணம், ஒரு பீஸுக்கு லாபம் எல்லாம் எக்ஸிபிட்டில். முதல் பத்தியில் மாணவன் கணக்குப் போட வேண்டியதில்லை, எதைக் கணக்குப் போட வேண்டும் என்று தெரிந்தால் போதும். சம்பவம் இறந்த காலத்தில் தொடங்குகிறது. பழைய வரைவில் “சந்திக்கிறது” என்று நிகழ்காலம் போட்டிருந்தார்கள், இரண்டு வருடத்தில் அது பொய்யாகிவிடும். இன்னொன்று, ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு முன்னால் “ஆபத்தான” என்று சார் பேனாவால் சேர்த்திருந்தார். அடித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லிலேயே விடை வெளியே வந்துவிடுகிறது, வகுப்பில் ஐந்து நிமிடத்தில் விவாதம் படுத்துவிடும்.

நொய்யலும் 2011-ம் மூன்றாம் பக்கத்துக்குப் போயின. சார் இரண்டு நாள் பேசவில்லை.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். நிஜமான வில்லங்கம் இதற்குப் பிறகுதான். இப்படிப் பேட்டி எடுத்து எழுதிய கேஸை நிறுவனத்தின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் இதழ்கள் பொதுவாக வெளியிடாது. பழைய வரைவுக்குச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள், புதிய முதல் பத்தியைப் பார்த்ததும் முகம் மாறினார்கள். மனிதவள அதிகாரி சொன்னார்: “அனுமதி இல்லாத யூனிட்டுக்கு நாங்க வேலை குடுக்கறோம்னு பையர் நினைச்சுக்குவாங்களே.” அவர் பயம் நியாயமானது. அனுமதி இல்லாமல் வெளியே தைக்கக் கொடுப்பது பையரின் நடத்தை விதிகளில் பெரிய குற்றம், ஆர்டரே போய்விடும். “பல சவால்கள்” என்று மழுப்பியபோது யாருக்கும் பயம் வரவில்லை. தெளிவாக எழுதினால் ஒப்புதல் கடினமாகிறது, இதை எந்தப் பயிலரங்கிலும் எனக்குச் சொல்லவில்லை.

லீகலுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், அப்புறம் எம்.டி. பார்க்க வேண்டும் என்றார்கள், கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது. இதழின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் செய்தது இரண்டு. நிறுவனம், ஆட்கள், பையரின் நாடு எல்லாவற்றுக்கும் மாற்றுப் பெயர் வைத்தேன். பீஸ் எண்ணிக்கையும் மொத்த ரூபாய்த் தொகைகளும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டன. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் கெடாது, மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுவது அப்படியே நிற்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு உடைந்துவிடும். இன்னொன்று, நிறுவனம் முதலில் பார்த்த புதிய பத்தியில் “அனுமதியின்றித் தைப்பது” ஒரு வழியாக இருந்தது. அதை “முன் அனுமதி வேண்டும், நான்கு வாரம் ஆகலாம்” என்று மாற்றினேன். நடந்ததும் அதுதான், மேலாளர் அனுமதி இல்லாமல் கொடுக்க நினைத்ததாக எங்கும் சொல்லவில்லை. இறுக்கம் குறையவும் இல்லை, ஏனென்றால் நான்கு வாரம் போனால் மீதி நான்கு வாரத்தில் 60,000 பீஸை அந்த யூனிட் முடிக்குமா என்ற கேள்வி கூடவே வருகிறது.

பெயரை மாற்றினாலும் ஒப்புதல் கடிதம் வேண்டும், அதில் சலுகை கிடையாது. இந்த முறை எம்.டி. முதல் பத்தியை நின்றுகொண்டே படித்துவிட்டு, “இது அந்த ஆர்டர்தானே?” என்று மேலாளரைப் பார்த்துச் சிரித்தார். கையெழுத்து விழுந்தது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. முதல் பத்தியை மாற்றினால் கடைசிப் பத்தியும், பாடம் நடத்துகிற ஆசிரியருக்கான டீச்சிங் நோட்டும் மாறியாக வேண்டும். எங்கள் கேஸின் முடிவில் இன்னும் எம்.டி. ஜன்னல் வழியாக எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சிங் நோட்டின் முதல் கேள்வி நீடித்த வளர்ச்சி பற்றி. இரண்டையும் அனுப்புவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து சரி செய்தேன். இப்போது மதிப்பீட்டாளரிடமிருந்து பதில் வந்திருக்கிறது: தொடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எக்ஸிபிட் 3-ல் கூட்டல் இடிக்கிறதாம். அந்த அட்டவணை சார் போட்டது.