நெட்வொர்க்கிங் தேர்வில் பியர்-டு-பியர் கேள்வி: அப்லோடைப் பார்த்து எழுதுங்கள்

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கிங் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் தேர்வு நெருங்கினால் என்னைத் தேடி வருவார்கள். ஜூரோங் வட்டார நூலகத்தில் உட்கார இடம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு வாய்ட் டெக்கில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்போம். கிளையன்ட்-சர்வரையும் பியர்-டு-பியரையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘சர்வர் உண்டு’, மறுபக்கம் ‘சர்வர் இல்லை’. அந்த அட்டவணைக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கிடைக்கும். கேள்வி ‘ஒரு ஃபைலை இத்தனை பேருக்குக் கொடுக்க எவ்வளவு நேரம்’ என்று திரும்பினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அங்கே பார்க்க வேண்டியது அப்லோட் யாரிடமிருந்து வருகிறது என்பதைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஃபைல் 2 ஜிகாபைட். முதலில் இதை பிட்டுக்கு மாற்றுங்கள், 8 ஆல் பெருக்கினால் 16,000 மெகாபிட். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால் போகும் மதிப்பெண்தான் அதிகம். சர்வரின் அப்லோட் 100 Mbps. டவுன்லோட் செய்பவர்கள் 50 பேர். ஒவ்வொருவருக்கும் டவுன்லோட் 50 Mbps, அப்லோட் 10 Mbps. கீழே உள்ள சூத்திரத்தில் N ஆள் எண்ணிக்கை, F ஃபைலின் அளவு, us சர்வரின் அப்லோட், dmin இருப்பவர்களிலேயே குறைந்த டவுன்லோட் வேகம், Σui எல்லாருடைய அப்லோடின் கூட்டுத்தொகை. max என்றால் அவற்றில் பெரியதை எடுக்க வேண்டும்.

```
கிளையன்ட்-சர்வர்:  max( N·F/us , F/dmin )
பியர்-டு-பியர்:     max( F/us , F/dmin , N·F/(us + Σui) )
```

கிளையன்ட்-சர்வரில் சர்வர் ஒன்றே 50 பிரதிகளையும் அனுப்ப வேண்டும். 50 × 16,000 / 100 என்றால் 8,000 விநாடி, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பியர்-டு-பியரில் அதே 50 பிரதிகள்தான் போய்ச் சேர வேண்டும், ஆனால் வாங்குபவர்களும் ஒருவருக்கொருவர் கொடுப்பதால் அனுப்பும் கைகள் கூடிவிட்டன. சர்வரின் 100 உடன் ஐம்பது பேரின் 500 சேர்ந்து 600 Mbps. விடை சுமார் 1,333 விநாடி, 22 நிமிடம்.

இதோடு நிறுத்திவிடாமல் 50ஐ 500 ஆக்கிப் பாருங்கள். கிளையன்ட்-சர்வர் நேரமும் பத்து மடங்காகி 22 மணி நேரத்தைத் தாண்டும். பியர்-டு-பியர் சுமார் 26 நிமிடத்தில் நிற்கும். ஆள் எத்தனை பேர் வந்தாலும் அது 1,600 விநாடியைத் தாண்டாது, ஏனென்றால் வருகிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு 10 Mbps கொண்டுவருகிறார். ‘விளக்குக’ என்று கேட்டால் எழுத வேண்டிய வாக்கியம் இதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆள் ஒன்றிரண்டு பேர்தான் என்றால் இரண்டு முறையிலும் 320 விநாடிதான் வரும், அங்கே தடை டவுன்லோட் வேகம். ‘பியர்-டு-பியர் எப்போதும் வேகமானது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

வீட்டில் ஃபைபர் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வரும்: டவுன்லோட் 50 இருக்கும்போது அப்லோட் ஏன் வெறும் 10? பழைய ஏடிஎஸ்எல், கேபிள் இணைப்புகள் அப்படித்தான், கீழே வரும் வழி அகலம், மேலே போகும் வழி குறுகல். பாடப்புத்தகக் கணக்குகள் அந்தக் காலத்து இணைப்புகளை மனத்தில் வைத்தவை. கேள்வியில் கொடுத்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டு வேகத்தைக் கலக்க வேண்டாம்.

சரி, சூத்திரம் ஒன்றைச் சும்மா நம்பிக்கொள்கிறது: எல்லாரும் முழு வேகத்தில் அப்லோட் செய்வார்கள் என்று. பாதிப் பேர் வாங்கிக்கொண்டு எதுவும் கொடுக்காவிட்டால் மேலே வந்த 22 நிமிடம் 38 ஆகிவிடும். கொடுக்க மனமிருந்தாலும் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. 2001இல் பிராம் கோஹன் எழுதிய பிட்டொரண்ட் இந்த இரண்டு சிக்கலையும் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் பாடத்தின் ருசியான பகுதி.

முதலில் ஃபைல் துண்டுகளாகப் பிரிகிறது. எல்லாரும் 1, 2, 3 என்று வரிசையாக வாங்கினால் எல்லார் கையிலும் ஒரே துண்டுகள்தான் இருக்கும், ஒருவருக்கொருவர் கொடுக்க எதுவும் மிஞ்சாது, திரும்பவும் எல்லாச் சுமையும் முழு ஃபைல் வைத்திருக்கும் சீடர் மேல்தான். அதனால் ஸ்வார்மில், அதாவது ஒரே ஃபைலைப் பகிரும் கூட்டத்தில், எந்தத் துண்டு மிகக் குறைவான பேரிடம் இருக்கிறதோ அதை முதலில் கேட்பது விதி. சீடர் திடீரென்று போய்விட்டாலும் அரிய துண்டு அவரோடு போய்விடாமல் இருக்கவும் இது உதவுகிறது.

அடுத்தது கொடுத்து வாங்கும் விதி. எனக்கு அதிக வேகத்தில் தருபவர்கள் நான்கு பேருக்கு நான் அனுப்புவேன், மற்றவர்களை நிறுத்தி வைப்பேன், 10 விநாடிக்கு ஒருமுறை மறுபடி கணக்குப் பார்ப்பேன். இதை மட்டும் எழுதிவிட்டு விட்டால் ஒரு ஓட்டை இருக்கும்: புதிதாக வந்தவரிடம் ஒரு துண்டும் இல்லை, அவருக்கு யார் தருவார்? அதற்காகத்தான் 30 விநாடிக்கு ஒருமுறை ஏதோ ஒருவரைத் தேர்ந்து சும்மா அனுப்பிப் பார்க்கிறார்கள். பலர் விட்டுவிடும் வரி இது.

மனப்பாடம் செய்வதற்குப் பதில் கண்ணால் பார்த்துவிடலாம். உபுண்டு, டெபியன் இரண்டும் தங்கள் ஐஎஸ்ஓவை டொரண்டாகவும் தருகின்றன, காப்புரிமைத் தொல்லை இல்லை. கல்லூரி வைஃபையில் முயல வேண்டாம், தடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் qBittorrent என்ற டொரண்ட் மென்பொருளில் ஐஎஸ்ஓவைப் போட்டு `Peers` பகுதியைத் திறந்தால் `Flags` என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் `O` தெரிந்தால் அதுதான் மேலே சொன்ன சும்மா அனுப்பிப் பார்ப்பது. `Availability` என்ற எண்ணையும் கவனியுங்கள், உங்களையும் நீங்கள் இணைந்திருப்பவர்களையும் சேர்த்து ஃபைலின் எத்தனை பிரதிகள் இருக்கின்றன என்று அது காட்டும். ஒரு டவுன்லோட் 97 சதவீதத்தில் நின்றுபோய், அந்த எண்ணும் 0.97 என்றால் உங்கள் இணைப்பில் கோளாறு இல்லை. மீதித் துண்டு நீங்கள் இணைந்திருக்கும் யாரிடமும் இல்லை, சீடர் போய்விட்டார். சர்வரில் இருந்தால் ஒருவரும் கேட்காத பழைய ஃபைல்கூடக் கிடைக்கும். ஸ்வார்மில் ஆர்வம் வற்றினால் ஃபைலும் போய்விடும். குறைகள் கேட்டால் ‘பாதுகாப்பு இல்லை’ என்று பொதுவாக எழுதுவதைவிட இதை எழுதலாம்.

பாதுகாப்பு என்றதும் துண்டு மாறிவிடுமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. டொரண்ட் ஃபைலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறியீடு இருக்கிறது. வந்த துண்டு பொருந்தவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்கும்.

போன தடவை ஒரு தங்கை கேட்டாள்: “அண்ணா, டிராக்கர்னு ஒண்ணு இருக்கே, அப்போ இதுவும் கிளையன்ட்-சர்வர்தானே?” நல்ல கேள்வி, தேர்விலும் வரக்கூடியது. வேலையைப் பிரித்துப் பதில் எழுத வேண்டும். யார் யார் ஸ்வார்மில் இருக்கிறார்கள் என்று டிராக்கரிடம் கேட்பது கிளையன்ட்-சர்வர். ஃபைலின் ஒரு பைட்டும் டிராக்கர் வழியாகப் போவதில்லை, அது பியர்களுக்கிடையே நேராகப் போகிறது. டிராக்கர் விழுந்தால் ஏற்கெனவே இணைந்தவர்கள் தொடர்வார்கள், புதியவர்தான் வழி தெரியாமல் நிற்பார். அதைச் சமாளிக்க முகவரிப் பட்டியலையே பியர்களிடம் பகிர்ந்து வைக்கும் டிஎச்டி வந்தது. அதிலும் முதன்முறை நுழைபவருக்கு `router.bittorrent.com` போல முன்பே தெரிந்த ஒரு முகவரி தேவைப்படும். இந்தக் கடைசி வரியையும் எழுதினால், திருத்துபவர் ‘முழுக்க முழுக்கப் பியர்-டு-பியரா?’ என்று ஓரத்தில் கேள்விக்குறி போட மாட்டார்.