கன்னத்தில் நிழல் இல்லாத புள்ளிகள்

பழைய படங்களைச் சீராக்கும் வேலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் கிழிசலையும் கறையையும் போக்கித் தரச் சொல்வார்கள். அந்தப் பெண் கேட்டது அதையல்ல. பதினாறு வயதிருக்கும். கன்னங்கள் மறைய முடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். மேசைமேல் ஒரு உறையை வைத்துவிட்டுக் குனிந்தபடியே நின்றாள். உள்ளே அவள் அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவுக்கும் அப்போது அதே வயதுதான். முகம் துடைத்து வைத்த பளிங்குபோல இருந்தது.

"கன்னத்துல வெள்ளை வெள்ளையா ஏதோ தெரியுது அக்கா. தூசியா?"

இதைக் கண்டுபிடிக்க அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்! சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்த பிறகுதான் எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது.

பிரிண்ட் போடும்போது நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும் என்பது உண்மைதான். ஆனால் தூசிக்கு முகம், பின்திரை என்ற வேறுபாடு கிடையாது. எங்கும் விழும், ஓரமும் கூர்மையாக இருக்கும். இந்தப் புள்ளிகளோ கன்னத்திலும் தாடையிலும் மட்டும் இருந்தன. ஓரம் மென்மையாகக் கரைந்திருந்தது. பின்திரையில் ஒன்றுகூட இல்லை. தோலில் மேடாக இருந்த ஏதோ ஒன்றின்மேல் விளக்கு பட்டு மின்னிய இடங்கள் இவை.

பருவின்மேல் பக்கவாட்டில் விளக்கு விழுந்தால், விளக்கைப் பார்த்த பக்கம் மின்னும், மறுபக்கம் சிறு நிழல் விழும். இந்த இரண்டும் சேர்ந்துதான் அது மேடு என்று கண்ணுக்குச் சொல்கின்றன. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். நிழல் விழுந்த இடம் வெளிறிக் கிடக்கும், மின்னிய இடம் அடர்ந்து நிற்கும். முகத்தைத் திருத்தும் டச்சிங் வேலை செய்கிறவர் வெளிறிய இடத்தைப் பென்சிலால் நிரப்புவார். பிரிண்டில் அந்த நிழல் மறைந்து தோலின் நிறம் வந்துவிடும். அடர்ந்த இடத்துக்குப் பென்சில் உதவாது, கத்தி முனையால், படம் பதிந்திருக்கும் மேல்படலமான எமல்ஷனைச் சுரண்டித்தான் குறைக்க வேண்டும். அது ஆபத்தான வேலை என்பதால் பலர் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். நிழல் போய்விடும், மினுக்கம் மட்டும் தனியாக நிற்கும். அவள் பார்த்தது அதைத்தான்.

ஆனால் கை வைத்தது பிரிண்டிலா நெகட்டிவிலா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பிரிண்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஏறக்குறைய அதன் பரப்பை ஒட்டியபடி விளக்கொளியை விட்டால் போதும். பிரிண்டின்மேல் வண்ணம் பூசியிருந்தால் பளபளப்பு அங்கே மட்டும் மங்கித் திட்டாகத் தெரியும். இந்தப் பிரிண்டில் பளபளப்பு எங்குமே உடையவில்லை. அப்படியானால் வேலை நடந்தது நெகட்டிவில்.

"நெகட்டிவும் உள்ளே இருக்கு" என்றாள். அது அதிர்ஷ்டம். படத்தை வைத்துக்கொள்ளும் வீடுகளில்கூட நெகட்டிவ் மிஞ்சுவது அரிது. இது தாள் ஃபிலிம், உள்ளங்கை அகலம். இந்த அளவில்தான் பென்சில் வேலை சாத்தியம். சிறிய சுருள் ஃபிலிமில் முகமே ஒரு பருப்பளவுதான் இருக்கும், அங்கே பென்சில் முனைக்கு இடமில்லை.

நெகட்டிவை ஒளிப்பெட்டிமேல் வைத்தால் பென்சிலும், படமாகப் படிந்த வெள்ளியும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஸ்கேனருக்கும் அப்படியே. அதனால் எமல்ஷன் பக்கம் மேலே இருக்கும்படி கறுப்புத் துணியில் கிடத்தி, தாழ்வான கோணத்தில் ஒரே ஒரு விளக்கை வைத்தோம். முதலில் தெரிந்தது முகத்தைச் சுற்றி ஒரு வட்ட விளிம்பு. எமல்ஷன் வழுவழுப்பானது, பென்சில் அதில் பிடிக்காது. அதற்காக டர்பன்டைனில் கரைத்த பிசினை மெல்லத் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு முடிகிற விளிம்புதான் அது. வட்டத்துக்குள்ளே பென்சில் பட்ட இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. கோடுகள் அல்ல, கமா வடிவத்தில் குட்டிக் குட்டிக் கீற்றுகள். ஊசிபோலச் சீவிய கடினப் பென்சிலால் வைத்தவை. மேலேயிருந்து அதைப் படம் பிடித்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினோம்.

மறைத்தது என்ன என்பது அந்தப் படத்தில் தெரியாது. எங்கெங்கே மறைத்தார்கள் என்பது தெரியும். இடது கன்னத்தில் மட்டும் 31 இடங்கள். ஒவ்வொன்றாக எண்ணியது அவள்தான். எண்ணி முடித்த பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"இதை அழிக்க முடியுமா?"

முடியும். பூச்சின்மேல் போட்ட பென்சில், பூச்சு கரைந்தால் அதோடு போய்விடும். ஆனால் போனது திரும்பாது, படமோ அவள் அம்மாவுடையது. அம்மாவைக் கூட்டி வரச் சொன்னோம்.

அம்மா மறுநாள் வந்தார். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "விண்ணப்பத்துக்கு எடுத்த படம். டச்சிங் பண்ணச் சொல்லி நான் கேக்கவே இல்ல, அவங்களாவே பண்ணிட்டாங்க. படம் கைக்கு வந்தப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இதைத்தானே உனக்கு எப்பவும் காட்டுவேன். பரு இருந்ததைச் சொன்னதே இல்லையா நான்?" மகள் இல்லையென்று தலையசைத்தாள். "துடைச்சிடுங்க" என்றார்.

துடைப்பதற்கு முன் அந்த நெகட்டிவை இருக்கிற நிலையிலேயே முழுத் தரத்தில் ஸ்கேன் செய்து வைத்தோம். இதில் சலுகையே கிடையாது. பிறகு குச்சியில் சுற்றிய பஞ்சில் ஒரு சொட்டு டர்பன்டைன். அதையும் ஒரு தாளில் ஒற்றியெடுத்துவிட வேண்டும், சொட்டக் கூடாது. முகத்துக்கு வெளியே, பூச்சின் ஓரத்தில் முதலில் சோதித்தோம். வெள்ளிப் படிமம் அசையவில்லை, பூச்சு மட்டும் கரைந்தது. அதன் பிறகே கன்னத்துக்கு வந்தோம். தேய்க்காமல் பஞ்சை உருட்ட வேண்டும். சாம்பல் ஏறிய பஞ்சை மறுபடி வைத்தால் கரி வேறு இடத்தில் படியும், அதனால் உருட்டலுக்கு ஒரு புதுப் பஞ்சு. தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது. எமல்ஷனில் இருப்பது ஜெலட்டின், நனைந்தால் ஊறி இளகிவிடும்.

காய்ந்ததும் மறுபடி ஸ்கேன். கன்னத்து வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் அதன் நிழல் திரும்பியிருந்தது. வெறும் புள்ளிகளாக இருந்தவை பருக்களாகின. தாடையோரத்தில் நான்கைந்து நெருக்கமாக இருந்தன. மகள் தன்னையறியாமல் தன் தாடையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நெற்றியில் மட்டும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. புருவத்துக்கு மேலே இரண்டு கறுப்புக் குழிகள், எந்தப் பருவையும்விடப் பெரியவை. டச்சிங் செய்தவர் அங்கே கத்தியை எடுத்திருக்கிறார். சுரண்டல் ஆழமாகி எமல்ஷனே போய்விட, அந்த ஓட்டையைப் பென்சிலால் மூடியிருக்கிறார். பென்சில் போனதும் ஓட்டை வெளியே வந்துவிட்டது. கத்தி போன இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று எந்த முறையாலும் மீட்க முடியாது.

பிரிண்ட் போடும் முன் அந்த இரண்டையும் ஸ்கேனில் சரிசெய்யலாமா, இல்லை அப்படியே விடலாமா என்று கேட்டோம். கேள்வி அம்மாவிடம்தான். பதில் சொன்னது மகள்.

"அதை மட்டும் மூடிடுங்க அக்கா. அது அம்மாவோடது இல்ல."