‘டமேஜ்’ என்ற ஒரு சொல்: சாதாரண தர ஆங்கிலத்தில் ‘எஸ்’ இலிருந்து ‘பி’ வரை

பெறுபேறு வந்து நான்கு நாட்களாகின்றன. இரண்டாம் தடவை எழுதிய ஆங்கிலத்தில் எனக்கு ‘பி’. முதல் தடவை ‘எஸ்’. திறமைச் சித்தி கேட்கும் கற்கைநெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க முடியாமல் நின்றவனுக்கு இந்த ஓர் எழுத்து எவ்வளவு பெரிது என்பது அந்த இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். உயர்தர வகுப்பில் இருந்துகொண்டே ஆங்கிலத்தை மட்டும் மீண்டும் எழுத இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. எழுத்துப் பகுதியில் நான் புள்ளி இழந்த இடத்தைப் பற்றியும் அதை அகராதியால் மீட்ட விதத்தைப் பற்றியும் மட்டுமே சொல்கிறேன்.

முதல் தடவைக்கு முன் நான் சோம்பி இருக்கவில்லை. ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் என்று இரண்டு கொப்பி நிறைய எழுதி மனனம் செய்தேன். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்த மாலைகளில்கூட அந்தக் கொப்பி கையில் இருந்தது. அந்த உழைப்பு வீணானதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கசக்கிறது. சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன. அவற்றை வசனத்தில் எப்படி வைப்பது என்பதை அந்த இரண்டு கொப்பிகளில் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். முதல் பெறுபேறு வந்த கிழமையில் அவரிடம் போனேன். இயற்கை அனர்த்தம் பற்றிப் பரீட்சையில் எழுதிய கட்டுரையை நினைவிலிருந்து மீண்டும் எழுதிக் காட்டச் சொன்னார். 2018 டிசம்பரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தைத்தான் எழுதியிருந்தேன். அப்போது சிறுவன், ஆனாலும் எல்லாம் நினைவிருக்கிறது. இரண்டாவது வசனத்திலேயே அவருடைய பேனை நின்றது. ‘மெனி டமேஜஸ் டு பீப்பிள் அண்ட் ஹவுசஸ்’ என்று எழுதியிருந்தேன். மக்களுக்கும் வீடுகளுக்கும் பல சேதங்கள் என்பது என் எண்ணம்.

“தம்பி, ‘டமேஜ்’ உங்களுக்குத் தெரியும். கடைசியில் இருக்கிற அந்த ‘எஸ்’ எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டார்.

“சேதங்கள் என்பது பன்மைதானே, ரீச்சர்.”

அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், முதுகு கிழிந்து ஒட்டுநாடா போட்ட தடித்த அகராதி ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட அகராதி. “இந்தச் சொல்லை எடுங்கோ. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது. கடைசி வரி வரை வாசித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கோ” என்றார்.

அந்தப் பதிவை வாசித்து முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. அதில் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முறை முழுவதும் அந்த இருபது நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் கண்ணில் பட்டது, பெயர்ச்சொல் என்ற குறிப்புக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருந்த ‘யூ’ என்ற ஒற்றை எழுத்து. எண்ண முடியாத பெயர் என்று அர்த்தம். எண்ண முடியாதென்றால் பன்மை விகுதி வராது, முன்னால் ‘மெனி’ வராது, ‘ஏ’ யும் வராது. என் வசனத்தில் இரண்டு பிழைகள் அந்த ஓர் எழுத்தால் பிடிபட்டன.

அடுத்தது வரைவிலக்கணம். ஒரு பொருளுக்கு ஏற்படும், அதன் பயனையோ பெறுமதியையோ குறைக்கும் பாதிப்பு என்ற கருத்தில் எழுதியிருந்தது. அதில் பொருள் என்றுதான் இருக்கிறது, ஆள் என்று இல்லை. உடலில் காயம்பட்ட மனிதருக்கு இந்தச் சொல்லை வைக்க முடியாது, அதற்கு ‘இன்ஜரி’ இருக்கிறது. தமிழ் அகராதி ‘சேதம், பாதிப்பு’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ‘மக்கள் பாதிப்படைந்தனர்’ என்று பத்திரிகையில் நாள்தோறும் வாசிக்கும் நமக்கு அங்கே எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது.

மூன்றாவது, தடித்த எழுத்தில் இருந்த ‘டு’. சேதம் எதற்கு என்று சொல்லும்போது ‘டு’ தான் வரும், ‘ஒஃப்’ வராது. இது மட்டும் என் வசனத்தில் தற்செயலாகச் சரியாக இருந்தது.

நான்காவது உதாரண வசனங்கள். ‘காஸ்’, ‘டூ’ என்ற வினைகள் இந்தச் சொல்லோடு வருகின்றன. ‘மேக்’ எங்கும் இல்லை. ‘சீரியஸ்’, ‘சிவியர்’ ஆகியவை முன்னால் வருகின்றன. ‘பிக்’ இல்லை. உதாரணத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, நான் எழுதியிருக்கக்கூடிய எது அங்கே இல்லை என்றும் பார்க்கப் பழகியது அன்றைக்குத்தான்.

கடைசியாகத் தனி இலக்கமிட்டு ‘டமேஜஸ்’ என்றே ஒன்று இருந்தது. பன்மையில் மட்டும் வரும் என்ற குறி. நீதிமன்றம் ஒருவருக்குக் கொடுக்கும்படி கட்டளையிடும் நட்டஈட்டுப் பணம் என்று பொருள். ஆக, வெள்ளம் எங்கள் ஊருக்குப் பல நட்டஈடுகளைத் தந்தது என்ற பொருள்பட நான் எழுதியிருக்கிறேன்!

திருத்தி எழுதிய வசனம் இது: ‘த ஃபிளட் காஸ்ட் சீரியஸ் டமேஜ் டு த ரோட் அண்ட் த கிராப்ஸ்.’ ஆட்களுக்கு நேர்ந்ததைத் தனி வசனமாகப் பிரித்து எழுதினேன்.

அகராதியின் முன்பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள். குறிகளின் விளக்கம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அதை வாசிக்க ஒரு மாலை போதுமாயிருந்தது. ‘சம்படி’, ‘சம்திங்’ என்பவற்றின் சுருக்கங்கள் வினைச்சொற்களுக்குப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். ஆள் வரும் இடம் எது, பொருள் வரும் இடம் எது என்று அவை காட்டுகின்றன. இப்படிப்பட்ட அகராதிக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவருடைய அகராதி முதலில் வெளியானதும் 1942 இல் அங்கேதான். ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவன் எந்த இடத்தில் தடுக்கி விழுவான் என்பதை வகுப்பறையில் பார்த்தவர் தொகுத்ததால் வினைச்சொல்லின் அமைப்புக்கு அதில் அத்தனை இடம். வரைவிலக்கணம் விளங்காதோ என்று பயப்படவும் வேண்டாம். 1978 இல் வந்த லாங்மன் அகராதி ஏறக்குறைய 2000 அடிப்படைச் சொற்களுக்குள்ளேயே பொருள் எழுதியது. நமக்கான அகராதிகள் இன்றும் அந்த மாதிரி எளிய சொற்களில்தான் பேசுகின்றன.

பயன்பாட்டுக் குறிப்பு என்று பெட்டி போட்டோ, ‘உதவி’ என்று தலைப்பிட்டோ சிறிய எழுத்தில் வருவதை நான் முன்பு விளம்பரம்போலத் தாண்டிப்போவேன். ‘சஜெஸ்ட்’ என்ற வினையில் அது எனக்கு நேரடியாகப் புள்ளி தந்தது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் ‘சஜெஸ்ட் மீ’ என்று தொடங்குவது நம் எல்லோருக்கும் வழக்கம். ‘எனக்கு ஒன்று சொல்லு’ என்ற தமிழ் அப்படியே இறங்கிவிடுகிறது. என் கையில் இருந்த அகராதி, இந்த வினைக்குப் பின்னால் ஆளை நேரடியாக வைக்க முடியாது என்று எச்சரித்தது. அதற்குக் காட்டிய பிழையான வசனமே நல்ல அகராதி ஒன்றைப் பரிந்துரைக்கக் கேட்பதுதான்! ‘மீ’ யை எடுத்துவிட்டால் வசனம் சரி. ஆள் கட்டாயம் வரவேண்டுமென்றால் ‘டு’ போட்டுக் கடைசியில் வரும். ஒருவர் ஏதோ செய்யலாம் என்று சொல்ல ‘தட்’ போட்டுத் தொடரலாம், அல்லது ‘கோயிங்’ போன்ற ‘-இங்’ வடிவம் வைக்கலாம். ‘எக்ஸ்பிளெய்ன்’ என்ற வினையிலும் ஆள் ‘டு’ போட்டுத்தான் வரும்.

நான் வைத்திருந்த கொப்பியின் முறை:

ஒரு நாளைக்கு இரண்டு சொல், அதற்கு மேல் இல்லை.
புதிய சொல் வேண்டாம். என் பழைய கட்டுரையில் நானே எழுதிய, தெரியும் என்று நினைத்த சொல்.
தமிழ்ப் பொருள் எழுதுவதில்லை. குறி, கூட வரும் சொல், ஓர் உதாரணம்.
அகராதியை மூடிவிட்டு ஊரைப் பற்றி மூன்று சொந்த வசனம்.
மறுநாள் காலையில் அகராதியைத் திறந்து அந்த மூன்றையும் சரிபார்த்தல்.

மறுநாள் சரிபார்ப்பதை விட்டுவிட்டால் மற்ற நான்கும் பயனில்லை. உதாரணத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் எல்லாம் சரியாகத்தான் வரும். மறந்த பின் எழுதும்போதுதான் தமிழ் அமைப்பு மேலே வரும். என் கொப்பியில் ‘அட்வைஸ்’ மூன்று நாள் தொடர்ந்து ‘அட்வைசஸ்’ ஆகவே வந்தது. ‘அறிவுரைகள்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், ஆங்கிலத்தில் அதற்கும் ‘யூ’ குறிதான். ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஹோம்வேர்க்’, ‘ஃபர்னிச்சர்’ எல்லாம் இதே வரிசை. குழுவாகச் சேர்ந்து படித்தால் இந்தச் சரிபார்ப்பு நடக்காது என்பது என் எண்ணம். நான் மெதுவாக, தனியாக இருந்து படிக்கிறவன், எனக்கு இது பொருந்தியது.

இந்தக் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவும் முடியாது. இடையில் நானும் ஒருமுறை வழுக்கினேன். ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லின் முதல் பொருளில் ‘யூ’ இருக்கக் கண்டு, மறக்க முடியாத அனுபவம் என்ற கட்டுரை முழுவதும் ‘ஏ’ இல்லாமலே எழுதிவைத்தேன். ரீச்சர் திரும்பவும் அகராதியைத் திறக்கச் சொன்னார். தொழிலில் சேரும் பழக்கமும் அறிவும் என்ற பொருளுக்கு ‘யூ’. நமக்கு நேர்ந்த ஒரு சம்பவம் என்ற பொருளுக்குத் தனி இலக்கம், அங்கே எண்ணக்கூடியது என்ற ‘சி’ குறி. ஒவ்வோர் இலக்கத்துக்கும் அதற்குரிய குறி உண்டு. முதல் பொருளோடு நிறுத்துகிறவர்களுக்கு இந்தப் பிழை நிச்சயம் வரும்.

மரம், மீன், பறவைப் பெயர்களுக்கு இந்த அகராதியோடு மாரடிக்காதீர்கள். முதிரைக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் இருமொழி அகராதிதான் வேகம். நம் நாட்டு வழக்குச் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘டேங்க்’ என்று தேடினால் முதலில் திரவம் நிரப்பும் தாங்கியும், அதன் பின் போர்த் தாங்கியும் வரும். குளம் என்ற பொருள் என் அகராதியில் கீழே, இந்திய ஆங்கிலம் என்ற அடையாளத்தோடு இருந்தது. அதைப் பார்த்துப் பயந்து குளத்துக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. இரணைமடுவின் ஆங்கிலப் பெயரிலேயே ‘டேங்க்’ இருக்கிறது. இரண்டாம் தடவை கட்டுரையில் நான் அதைத்தான் எழுதினேன். எந்தக் குளம் என்று பெயரையும் சேர்த்து எழுதினேன்.

அகராதியை நேற்று ரீச்சரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பென்சில் அடையாளங்களை அழிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அடுத்த தவணை எழுதப்போகும் பிள்ளை ஒருவர் வாசலில் காத்திருந்தார், கையில் இரண்டு தடித்த கொப்பிகளோடு.