கைகூப்பும் படத்தை எப்படி மின்னஞ்சலில் எழுதுவது?

ஏற்காட்டில் பெரியப்பாவுக்குக் காப்பித் தோட்டமும், அதை ஒட்டி விருந்தினர் தங்கும் ஐந்து அறைகளும் இருக்கின்றன. கணக்கும் முன்பதிவும் சேலத்தில் இருந்தபடி நான் பார்க்கிறேன். வருகிறவர்களோடு எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான். அடிக்கடி அனுப்பும் செய்திகளைப் பெரியப்பா தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தார். மொத்தம் 41. போன வருடம் அலுவலகக் குழுக்கள் வரத் தொடங்கின. அவர்கள் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டார்கள். "இதையே அதிலும் போட்டுவிடு கண்ணு, அரை மணி நேர வேலை" என்றார் பெரியப்பா. இரண்டு வாரம் ஆனது.

முதல் நாள் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்றும், காலில் "தங்கள் உண்மையுள்ள" என்றும் ஒட்டினேன். விளைவு, ஒரு குழுவின் பொறுப்பாளருக்கு ஒரே மாலையில் ஐந்து மின்னஞ்சல்கள் போயின. அவற்றுள் ஒன்றில் இருந்த விஷயம் "முன்பணம் வந்தது" என்ற இரண்டே சொற்கள். மேலே மூன்று வரி மரியாதை, கீழே நான்கு வரி முகவரி. பெரியப்பா படித்துவிட்டு, "வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி மனு எழுதச் சொன்னது போல இருக்கிறது" என்றார்.

அதன் பிறகுதான் 41 செய்திகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். ஒன்பது செய்திகள் வெறும் வணக்கமும் நன்றியும். அவற்றில் பாதி, கைகூப்பும் படம் மட்டுமே. அந்தப் படம் பெரிய குறும்புக்காரப் படம். பேச்சின் தொடக்கத்தில் வந்தால் வணக்கம், முடிவில் வந்தால் நன்றி, பணம் கேட்ட பிறகு வந்தால் "தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்." மின்னஞ்சலில் இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லால் எழுத வேண்டும். எந்த இடத்தில் எது என்று பெரியப்பாவிடமே கேட்டேன். அவருக்கே இரண்டு இடங்களில் நினைவில்லை.

இன்னும் ஆறு செய்திகளை மின்னஞ்சலுக்குக் கொண்டுவரவே இல்லை. "மேலே மூடுபனி, மெதுவாக வாருங்கள்", "வாசலில் ஆள் நிற்கிறார்" போன்றவை அந்த நிமிடத்துக்கு உரியவை. மறுநாள் காலை அலுவலகத்தில் திறந்து படிப்பவருக்கு அவற்றால் என்ன பயன்? மீதி 26 செய்திகளும் எட்டு மின்னஞ்சல்களுக்குள் அடங்கின.

ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். 22 பேர் வரும் ஒரு குழுவுக்கு வாட்ஸ்அப்பில் இப்படிப் போயிருக்கும்: "வணக்கம் சார்." "முன்பணம் வந்தது, நன்றி." "நாளை எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" "இருட்டும் முன் மலை ஏறிவிடுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது." "சைவமா, அசைவமா?" பிறகு இடத்தைக் காட்டும் வரைபடக் குறி, கடைசியில் கைகூப்பு. படிப்பவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மேலே எங்கள் பெயர் தெரிகிறது, பக்கத்தில் நேரம் தெரிகிறது, முந்தைய பேச்சு அப்படியே கிடக்கிறது. மின்னஞ்சலை அந்தப் பொறுப்பாளர் 22 பேருக்கும் திருப்பி அனுப்புவார். அவர்களில் 21 பேருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. அவர்கள் அதைப் படிக்கும் நாளில் "நாளை" என்றோ போயிருக்கும். அதனால் அது இப்படி ஆனது:

பொருள்: ஏற்காடு தங்கல், ஜூன் 14, 15 – இரண்டு விவரங்கள் தேவை

அன்புடையீர், வணக்கம்.

ஜூன் 14, 15 தேதிகளில் 22 பேர் எங்கள் தோட்ட விடுதியில் தங்குவதற்கான முன்பணம் ரூ.10,000 கிடைத்தது. நன்றி.

சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 14ஆம் தேதி இருட்டுவதற்கு முன் மேலே வந்துவிடும்படி புறப்படுவது நல்லது. வழி காட்டும் வரைபட இணைப்பு கீழே உள்ளது.

ஜூன் 12க்குள் தெரிவிக்க வேண்டியவை:
1. எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்?
2. சைவ உணவு எத்தனை பேருக்கு, அசைவம் எத்தனை பேருக்கு?

அன்புடன்,

இதன் கீழே பெரியப்பாவின் பெயர், விடுதியின் பெயர், தொலைபேசி எண்.

"அன்புடையீர்" என்பதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. பெயரின் முன்னெழுத்தை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று தெரியாது. "சார்" என்று போட்டு ஓர் அம்மையாரிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் படித்தாலும் 22 பேர் படித்தாலும் இந்த விளி பொருந்தும். அதற்கு மேல் நலம் விசாரிப்பு எதையும் நீட்டவில்லை. கைப்பேசியில் மின்னஞ்சல் பட்டியலைப் பார்க்கும்போது, பொருளுக்குக் கீழே முதல் சில சொற்கள்தான் தெரிகின்றன. "தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்" என்று நான் முதலில் எழுதியிருந்ததால், எட்டு மின்னஞ்சல்களும் பட்டியலில் ஒரே மாதிரி தெரிந்தன.

கேள்விகளைக் கடைசியில் எண் போட்டு வைத்ததும் பட்டுத் தெரிந்ததுதான். பத்திக்கு நடுவில் இரண்டு கேள்விகளைப் புதைத்திருந்தபோது, வந்த பதில்களில் முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தது.

முடிப்பில் பெரியப்பாவுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. அவருக்கு எல்லாவற்றுக்கும் "இப்படிக்கு" வேண்டும், பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். வரவேற்புக்கு "அன்புடன்", ரசீதுக்கும் ரத்துக் கடிதத்துக்கும் "இப்படிக்கு" என்று உடன்பாட்டுக்கு வந்தோம். பாக்கித் தொகையை நினைவூட்டும் கடிதத்தில் மட்டும் "அன்புடன்" வேண்டவே வேண்டாம் என்றேன். பணத்தைக் கேட்டுவிட்டு அன்பு என்றால் குத்திக்காட்டுவது போல ஒலிக்கிறது. அங்கே "நன்றி" போதும்.

ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுத்தைத் தடிமனாக்க ஒரு சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரம் போன்ற உடுக்குறி போடுவோம். மின்னஞ்சலில் ஒட்டும்போது அந்தக் குறிகள் குறிகளாகவே நின்றன. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நீக்கினேன். கட்டணச் செய்தியில் "காலை உணவு உட்பட" என்பதை அடுத்து ஒற்றை உடுக்குறி இருந்தது. "ஒரு நாளுக்கு மட்டும்" என்ற அடிக்குறிப்புக்கான குறி அது. அதுவும் போனது. அடிக்குறிப்பு எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் கீழே அநாதையாய் நிற்க, ஒரு குழு இரண்டாம் நாளும் காலை உணவு உண்டென்று எடுத்துக்கொண்டது. 18 பேருக்கு இட்லி எங்கள் செலவில் போனது. இப்போது அந்த நிபந்தனையை வாக்கியத்துக்குள்ளேயே எழுதிவிட்டேன்.

22 பேர் குழுவுக்குப் போன மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வந்தது. "1. மாலை 4 மணி. 2. சைவம் 15, அசைவம் 7." அவ்வளவுதான். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஒரு வணக்கம்கூட இல்லையே" என்றார். ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக்கொண்டவர்களுக்குள் மூன்றாவது பதிலில் வணக்கம் உதிர்ந்துவிடும், அதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்து, அந்தப் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கைகூப்பு அனுப்பினார். அரை நிமிடத்தில் அங்கிருந்தும் ஒன்று வந்தது.